பட்டம் யாருக்கு? திருநெல்வேலிச் சீமைக் கதை ஒன்றுக்கு வாரிசு முறையைத் தேர்ந்தெடுத்தல்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றரசைக் கற்பனை செய்து நாவல் எழுதுகிறவர்கள் கோட்டை, படை, கோயில், ஆறு எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகே வாரிசுச் சண்டைக்கு வருகிறார்கள். அதற்குள் முறை ஒன்று தெளிவாக எழுதப்பட்டுவிடுகிறது. அதை மீறினால்தான் கதை நகரும் என்பதால் கெட்ட சித்தப்பா ஒருவர் வந்து சேர்கிறார். கூடவே கள்ள ஓலை, விஷம், மாற்றி வைத்த குழந்தை. கதையின் நடுவில் அந்தச் சித்தப்பா செத்தால் சண்டையும் அவரோடு முடிந்துபோகிறது. மீதிப் பக்கங்களுக்கு ஆசிரியர் புதிதாக எதையாவது மூட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாக, பட்டத்துக்கு வருகிற முறையையே ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பதில் சொல்லும்படி வகுத்துவிடலாம். அப்போது முறைப்படி நடக்கிற நல்லவர்களே எதிரெதிராக நிற்பார்கள். நம் பக்கத்து வரலாற்றில் இதற்கு நான்கு முறைகள் கிடைக்கின்றன: மூத்த மகனுக்குப் பட்டம், சுவீகாரம், மருமக்கள் வழி, அண்ணனுக்குப் பின் தம்பி. நான்கையும் ஒரே சோதனையில் நிறுத்திப் பார்க்கிறேன். உரிமை கேட்கிற ஒவ்வொருவரும் கோயில் மண்டபத்தில் ஊர் முன்னால் நின்று, பொய் கலக்காமல், இரண்டு மூன்று வாக்கியத்தில் தன் நியாயத்தைச் சொல்ல முடிய வேண்டும். கேட்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் “அதுவும் சரிதானே” என்று தலையாட்ட வேண்டும்.

முதலில் மூத்த மகன். எல்லோருக்கும் கைக்கு எட்டுகிற முறை இது. 1268-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கடைசிக் காலத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியன். இன்னொருத்தியின் மகன் வீர பாண்டியன். தந்தை வீர பாண்டியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்சியில் பங்கு கொடுத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியபடி, 1310-ல் சுந்தர பாண்டியன் தந்தையைக் கொன்றான். அடுத்த வருஷம் மாலிக் காபூரின் படை மதுரை வந்து சேர்ந்தது. பெரிய கதைதான். ஆனால் அந்தச் சண்டை முறையிலிருந்து பிறக்கவில்லை. முறை தெளிவாக இருந்தது. ஒரு தகப்பனின் மனசு அதற்கு எதிராகப் போனது. அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே எரிகிற கதை உங்களுக்கு வேண்டுமென்றால் இதை எடுக்கலாம். ஒரு நாடே இரண்டுபட்டு நிற்க வேண்டுமென்றால் இது போதாது. மண்டபத்தில் வீர பாண்டியன் என்ன சொல்வான்? “அப்பாவுக்கு என்னைப் பிடிக்கும்” என்பதைத் தவிர அவனிடம் வலுவான வாக்கியம் இல்லை.

இந்த முறைக்குள் உண்மையான கவடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அரசனுக்கு இரண்டு மனைவியர். இளையாளுக்கு மகன் முதலில் பிறக்கிறான். மூத்தாளுக்குப் பிறகு பிறக்கிறான். மூப்பைப் பிள்ளையின் பிறப்பை வைத்துக் கணக்கிடுவதா, தாயின் கலியாணத்தை வைத்துக் கணக்கிடுவதா? இந்தக் கேள்வியே அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காடு ஜமீனில் வழக்காகி, சென்னை உயர்நீதிமன்றம் கடந்து, 1872-ல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. முதலில் பிறந்தவனுக்கே முதலிடம் என்பது பொது விதி. மூத்தாள் மகனுக்கே பட்டம் என்பது குடும்ப வழக்கம் என்று சொல்கிறவர்கள், அந்த வழக்கம் பழமையானது, இடைவிடாமல் நடந்துவருவது என்று ஐயத்துக்கு இடமில்லாத சான்றால் காட்ட வேண்டும் என்றது பிரிவி கவுன்சில். கதை எழுதுகிறவருக்கு இது பெரிய கொடை. வழக்கத்தை நிரூபிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பழைய பட்டாபிஷேகமும் சாட்சியாக வந்து நிற்க வேண்டும். தாத்தா காலத்தில் யார், ஏன் வந்தார் என்பது வெறும் வம்சக் கதையாக இல்லாமல் இன்றைய சண்டையின் ஆயுதமாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சுவீகாரத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் 1732-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். ராணி மீனாட்சி, பங்காளி வங்காரு திருமலையின் மகனைச் சுவீகாரம் எடுத்தார்; வங்காரு திருமலையோ பட்டம் தனக்கே என்றார். இருவருக்கும் நடுவே நுழைந்த சந்தா சாகிப், கடைசியில் நாட்டையே எடுத்துக்கொண்டார். இந்த முறையில் சண்டை எளிதில் வரும். ஆனால் சுவீகாரப் பிள்ளை பெரும்பாலும் சிறுவன். அவன் பெயரில் பெரியவர்கள் பேசுவார்கள். விதவை ராணியின் அதிகாரத்தைப் பற்றிய நாவலுக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. வாரிசே கதையை நடத்த வேண்டும் என்கிறவருக்கு இது உதவாது. அரசன் இறந்தபோது அரசி கருவுற்றிருப்பதும் இதே வகைதான். 1689-ல் மதுரையில் அப்படி நடந்து, பிறந்த பேரனுக்காக ராணி மங்கம்மாள் 1706 வரை ஆட்சியை நடத்தினார். அங்கேயும் கதாநாயகி பாட்டிதான்.

மருமக்கள் வழி இந்த மூன்றிலும் கனமானது. பின்னாளில் திருவிதாங்கூரான வேணாட்டில் பட்டம் அரசனின் மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். மேற்கு மலையைத் தாண்டிய வழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வேணாட்டு அரசர்கள் களக்காட்டில் இருந்து ஆண்ட காலம் உண்டு. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் இந்த வழி இருபதாம் நூற்றாண்டுவரை நடந்தது. இதில் சண்டை எங்கே பிறக்கிறது என்பதற்கு 1729 போதும். ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். ராமவர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எதிர்த்து நின்றார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்கிற நாயர் பிரபுக்கள் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். தம்பிமார் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமார் வேரோடு போனார்கள்.

இங்கே மண்டபத்துச் சோதனை பாதிதான் தேறுகிறது. “முறைப்படி நான்” என்று மருமகன் சொல்லிவிடுவான். மகன் சொல்ல வேண்டியது, “இந்த முறையே வேண்டாம்” என்பது. ஒரே முறையை நம்புகிற இருவரின் சண்டையாக அது அமையாது. முறைக்கும் மாற்றத்துக்கும் நடக்கிற சண்டை. அதுவும் பெரிய பொருள்தான். ஆனால் தொடக்கத்திலேயே வாசகர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் மகனுக்கே சொத்து என்கிற வீட்டில் வளர்ந்தவர்கள். தம்பிமார் பக்கமே அவர்கள் மனசு போகும். மருமகனின் நியாயத்தை உணரவைக்க ஆசிரியர் பக்கம் பக்கமாக உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே இதை முதன்மை முறையாக வைக்காமல், எல்லைக்கு அப்பாலிருந்து உள்ளே நீள்கிற கையாக வைப்பதே நல்லது.

என் தேர்வு நான்காவது: அண்ணனுக்குப் பின் தம்பி, தம்பிமார் எல்லோரும் முடிந்த பிறகு அடுத்த தலைமுறை. தென்காசியில் விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியனுக்குப் பின் வந்தவர் அவர் தம்பி குலசேகரன். தென்காசிப் பாண்டியரிடம் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அரசராக இருந்ததையும் கல்வெட்டுகளில் பார்க்கலாம். பட்டத்தை ஒரு தலைமுறையின் பொதுச் சொத்தாகக் கருதுகிற வழக்கம் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. அதற்கு நடைமுறைக் காரணமும் எளிதில் சொல்லலாம். ஒரு பக்கம் மதுரை, இன்னொரு பக்கம் வேணாடு. நடுவில் இருக்கிற சிறிய நாட்டைச் சிறுபிள்ளையின் கையில் விட முடியாது. எப்போதும் வளர்ந்த ஆள் ஒருவர் வாளோடு இருக்க வேண்டும்.

முறை ஒரு தலைமுறைக்குள் அழகாக ஓடும். தலைமுறை மாறுகிற இடத்தில்தான் அது வாய் பேசாது. அந்த ஒரு இடத்தில் கதையை வைக்க வேண்டும்.

ஒரு நாட்டைக் கற்பித்துப் பார்ப்போம். தாமிரபரணிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் மறவர் குடும்பம் ஒன்று ஆளுகிற சிறிய நாடு. மதுரை நாயக்கருக்குத் திறை கட்டுகிறது. அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியவர் இறக்கும்போது அவர் மகனுக்கு வயது 4. நடுவிலவர் பட்டத்துக்கு வருகிறார். அப்போது அவர் மகனுக்கு 7. எட்டு வருஷம் ஆண்டு அவரும் போகிறார். கடைசித் தம்பி பன்னிரண்டு வருஷம் ஆண்டு, நாவலின் முதல் அத்தியாயத்தில் கண்ணை மூடுகிறார். இப்போது பெரியவர் மகனுக்கு 24. நடுவிலவர் மகனுக்கு 27. பெரியவர் இறந்த மறுவருஷம் பிறந்த கடைசித் தம்பியின் மகனுக்கு 19.

மண்டபத்தில் மூவரும் பேசட்டும். 24 வயதுக்காரன்: “பட்டம் எங்கப்பா வழியில் இறங்கினது. நான் வளருகிறவரை சித்தப்பாமார் ரெண்டு பேரும் அதைக் காத்து வச்சாங்க. இப்ப அது வீட்டுக்குத் திரும்பணும்.” 27 வயதுக்காரன்: “அண்ணன் போனா தம்பி, வயசுப்படி. அப்பாமார் தலைமுறையில அப்படித்தானே வந்துச்சு? எங்க தலைமுறையில மூத்தவன் நான், அவன் எனக்குப் பிறகு வரட்டும்.” 19 வயதுக்காரன்: “அரசருக்குக் கொள்ளி வச்சவன் நான். சுத்துப்பட்டுப் பாளையங்களில எல்லாம் மகனுக்குத்தான் பட்டம். இன்னும் ரெண்டு சித்தப்பா இருந்திருந்தா முறை இங்க நின்னிருக்காது. இல்லாததால எங்கப்பாவோட அந்த முறை முடிஞ்சுபோச்சு.” மூன்றிலும் பொய் இல்லை.

இப்போது ஊர்க்காடு வழக்கு உதவிக்கு வருகிறது. ஊர்ப் பெரியவர்கள், “போன தலைமுறை மாறினபோது என்ன செஞ்சாங்க?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைக்கக் கூடாது. ஆனால் முன்மாதிரியே இல்லை என்றும் இருக்கக் கூடாது. தாத்தா காலத்தில் சகோதரர் இருவர். அண்ணன் ஆண்டார், பிறகு தம்பி ஆண்டார். தம்பிக்குப் பிள்ளை இல்லை. பட்டம் அண்ணனின் மகனுக்குத் திரும்பியது. அந்த மகன்தான் நம் மூன்று சகோதரரின் தகப்பன். அவர் மூத்தவர் வழி. தலைமுறையில் வயதிலும் மூத்தவர். கடைசி அரசருக்குக் கொள்ளி வைத்தவரும் அவரே. மூன்று அளவுகோலும் அன்றைக்கு ஒரே ஆளைக் காட்டின. எந்த அளவுகோலால் அவர் வந்தார் என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. அறுபது வருஷம் கழித்து மூன்று பேரன்மாரும் அதே நிகழ்ச்சியைத் தங்கள் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். இந்த முறையை வடிவமைப்பதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் பழைய நிகழ்ச்சியைத்தான். இதை விட்டுவிட்டால், “இவ்வளவு காலம் இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லையா?” என்று வாசகர் கேட்பார்.

இனி ஆதரவாளர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, உறவுமுறையே தருகிறது. கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை என்கிற உட்பிரிவு தாய்வழியாக வரும். மூன்று சகோதரரும் வெவ்வேறு கிளையில் பெண் எடுத்திருந்தால், மூன்று பிள்ளைகளும் மூன்று கிளை. தகப்பன் பக்கம் ஒரே பங்காளிகள். தாய் பக்கம் வேறு வேறு மாமன்மார், வேறு வேறு காவல் கிராமங்கள், வேறு வேறு ஈட்டிகள். மாமன் மருமகனுக்காக இறங்குவதற்கு ஆசிரியர் காரணம் கற்பிக்கவே வேண்டாம்.

வேற்று மொழி ராஜ கதைகளிலிருந்து எடுத்துக்கொள்கிற ஒரு தீர்வு இங்கே வேலை செய்யாது என்பதையும் கவனியுங்கள். பகை வீட்டுப் பெண்ணைக் கட்டி இரண்டு உரிமையையும் ஒன்றாக்குவது அங்கே வழக்கம். நம்மிடம் அண்ணன் தம்பி பிள்ளைகள் உடன்பிறப்பு முறை. ஒருவன் தங்கையை இன்னொருவன் நினைத்துப் பார்க்கவும் முடியாது. பங்காளிச் சண்டை கலியாணத்தால் அணையாது. ஆனால் அத்தை ஒருத்தி இருந்தால் நிலைமை மாறும். மூன்று அரசர்களுக்கும் ஒரே தங்கை. அவளுக்கு ஒரே மகள். மூவருக்கும் அவள் முறைப்பெண். மூவரில் யார் கட்டினாலும் அத்தை வீடு அவன் பக்கம். அவளுக்கு என்ன விருப்பம் என்கிற கேள்வி அங்கிருந்து தானாக எழும்.

மருமக்கள் வழியை உள்ளே விடுகிற வாசலும் அதுவே. அந்த அத்தையை மலைக்கு மேற்கே மருமக்கள் வழி வீடு ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தால், அவளுக்கு ஒரு மகனும் இருந்தால், அவனுக்குத் தகப்பன் வீட்டில் பட்டம் இல்லை, ஏனென்றால் அங்கே தகப்பனின் மருமகனுக்குத்தான் எல்லாம். அந்த ஊர் நியாயப்படி அவன் தாய்மாமன் பட்டத்துக்கு உரியவன். தாய்மாமன் ஊரிலோ அந்த நியாயம் செல்லாது. இரண்டு முறைக்கும் நடுவே எதுவும் இல்லாமல் விழுந்த பிள்ளை அவன். வேணாட்டுப் படை கணவாய் இறங்குவதற்கு அவன் பெயர் ஒன்றே போதும். இவனை நான் நான்காவது உரிமையாளனாக முதலிலேயே காட்ட மாட்டேன். மூவரும் களைத்த பிறகு வரட்டும்.

இந்தச் சண்டை தொடங்குகிற இடம் சாவு வீடு. முதல் நாள், 19 வயதுக்காரன் கொள்ளி வைக்கிறான். அதில் யாருக்கும் தகராறு இல்லை. மகன் இருக்க வேறு யார் வைப்பது? அண்ணன்மார் இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் சுடுகாட்டில் நிற்கிற, மதுரை நாயக்கரின் பிரதிநிதியான தானாபதி அதைப் பார்த்துவிட்டு, கொள்ளி வைத்தவன் பெயரை ஓலையில் எழுதி அனுப்பிவிடுகிறார். அவருக்கு அதுதான் வழக்கம். பதினாறாம் நாள் உருமால் கட்டு. தாய்மாமன் கொண்டுவருகிற உருமாலைத் தலையில் கட்டுவது துக்கம் முடிந்ததற்கு அடையாளம். அரண்மனையில் அது பட்டத்துக்கும் அடையாளம். மாமன்மார் மூவர் மூன்று தாம்பாளத்தோடு வாசலில் நிற்பார்கள் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். ஆக, நடுவில் உள்ள நாட்களுக்குள் முடிவாக வேண்டும். கெடு வைக்க வில்லன் தேவைப்படவில்லை, காரியமே கெடு வைத்துவிட்டது. அதைத் தாண்டினால் அடுத்த கெடு கோயில் திருவிழா: பரிவட்டம் யாருக்கு முதலில்? சிங்கம்பட்டி ஜமீன்தார் ஆடி அமாவாசையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் ராஜ உடையில் காட்சி கொடுத்ததை நேரில் பார்த்தவர்களுக்கு, அந்த இடத்தில் மூன்று பேர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பதினாறு நாளில் எனக்குப் பிடித்த சிறு விஷயம் ஒன்று உண்டு. 24 வயதுக்காரன் சின்ன வயதிலிருந்து 27 வயதுக்காரனை “அண்ணாச்சி” என்றே கூப்பிட்டு வளர்ந்தவன். மண்டபத்திலும் அப்படித்தான் கூப்பிடுவான், வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எதிராளியின் வாதத்துக்கு அவனே சாட்சி சொல்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாள் வந்தால், அன்றைக்கு உறவு அறுந்தது என்று வாசகருக்குப் புரிந்துவிடும். அதை ஐந்நூறு பக்க நாவலில் ஒரே ஒரு தடவை பயன்படுத்துங்கள்.

தவறக்கூடிய இடங்களையும் சொல்ல வேண்டும். வயது வித்தியாசம் பெரிதானால் முறை செத்துவிடும். 40 வயதுக்காரனும் 14 வயதுப் பையனும் மோதினால் வாசகர் உரிமையைப் பார்க்க மாட்டார், திறமையைப் பார்ப்பார். மேலே 24, 27 என்று வைத்தது அதற்காகத்தான். முக்கியமானவர்கள் இருவருக்கும் நாலைந்து வயதுக்கு மேல் இடைவெளி வேண்டாம். இன்னொன்று, முறை நல்லபடியாக ஓடுவதை வாசகர் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். நடுவிலவர் இறந்து கடைசித் தம்பி பட்டத்துக்கு வந்த நாளைப் பின்னோக்கிக் காட்டலாம்: சத்தமில்லாமல் ஒரு குடும்பம் அரண்மனையிலிருந்து கீழத்தெரு வீட்டுக்கு மாறுகிறது, இன்னொரு குடும்பம் உள்ளே வருகிறது. 15 வயதில் அப்படி வெளியே வந்த பையன்தான் இன்றைய 27 வயதுக்காரன். 4 வயதில் வெளியே வந்தவனுக்கு அரண்மனை ஞாபகமே இல்லை. 19 வயதுக்காரன் இப்போதுதான் பெட்டி கட்ட வேண்டும். மூவரின் குணமும் அந்த வீடு மாற்றத்திலேயே கிடைத்துவிடுகிறது.

செப்பேடு கிடைத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். செப்பேடு கிடைக்கலாம். அதில் “மூத்தவர்க்கே” என்று பொறித்திருந்தால், வழியில் மூத்தவரா வயதில் மூத்தவரா என்ற கேள்வி திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். முறை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: மூவரில் ஒருவரை மனசுக்குள் கொன்று பாருங்கள். யாரை எடுத்தாலும் மற்ற இருவரின் வழக்கும் அப்படியே நின்றால் முறை வலுவாக இருக்கிறது. ஒருவரை எடுத்ததும் எல்லாம் அடங்கினால், நீங்கள் திரும்பவும் ஒரு வில்லனைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வெளி ஆதரவை எவ்வளவு தூரம் விடுவது என்பதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் உள்நாட்டுப் போரைப் பாருங்கள். பராக்கிரம பாண்டியன் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தளபதி லங்காபுரன் வந்து சேர்வதற்குள் கேட்டவனே கொல்லப்பட்டுவிட்டான். படை திரும்பிப் போகவில்லை, அவன் மகன் வீர பாண்டியனுக்காகப் போரிட்டது. எதிரி குலசேகரனுக்குச் சோழர் துணை நின்றார்கள். பிறகு குலசேகரன் இலங்கையோடு சேர்ந்துகொள்ள, சோழர் அதே வீர பாண்டியனைத் தூக்கிப் பிடித்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த அளவுகோலிலும் நம்பிக்கை கிடையாது, தங்களுக்குக் கடன்பட்டவன் ஒருவன் அங்கே உட்கார வேண்டும். நம் கதையில் மதுரைத் தானாபதி 19 வயதுக்காரன் பெயரை எழுதியது வழக்கத்தால். திறை பாக்கியை 27 வயதுக்காரனின் மாமன் கட்டிவிட்டால் இரண்டாவது ஓலை வேறு பெயரோடு போகும். அந்த இரண்டாவது ஓலையைப் பாதிக் கதைக்கு முன்னால் அனுப்பிவிடாதீர்கள். அதுவரை மூவரும் தங்கள் ஊருக்குள்ளேயே, தங்கள் நியாயத்தை மட்டும் வைத்து மோத வேண்டும்.